எந்த 2024? உயர்தரக் காணொளிகளும் ஆண்டுக் குழப்பமும்

இலங்கையில் 2021ஆம் நாட்காட்டி ஆண்டில் க.பொ.த. உயர்தரப் பரீட்சை ஒன்றுகூட நடக்கவில்லை. 2024இலோ இரண்டு நடந்தன. கொரோனாவும் அதன் பின் வந்த பொருளாதார நெருக்கடியும் பரீட்சை அட்டவணையை இப்படிக் குலைத்துவிட்டன. 2020ஆம் ஆண்டுப் பரீட்சை ஒக்டோபரில் தொடங்கி அந்த ஆண்டிலேயே முடிந்தது. 2021க்குரியது 2022 பெப்ரவரிக்குப் போனது. 2022க்குரியது 2023 ஜனவரியில் தொடங்கியது. 2023க்குரியது 2024 ஜனவரியில் நடந்தது. 2024க்குரிய பரீட்சை அதே ஆண்டு நவம்பர் இறுதியில் தொடங்கியபோதுதான் பெயரிலிருந்த ஆண்டும் நாட்காட்டி ஆண்டும் மறுபடி ஒன்றாயின.

இப்போது ஒரு மாணவி யூடியூபில் "2024 பௌதிகவியல் வினாத்தாள்" என்று தேடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் தேடுவது 2024 என்று பெயரிடப்பட்ட தாளை. அவளுக்குக் கிடைப்பவற்றில் சில, 2024 ஜனவரியில் நடந்த 2023ஆம் ஆண்டுத் தாளின் விளக்கங்கள். சில, 2024இல் எழுதவிருந்தவர்களுக்காக எடுக்கப்பட்ட மீட்டல் வகுப்புகள். இன்னும் சில, ஏதோ ஒரு மாகாணத்தின் 2024 தவணைப் பரீட்சைத் தாள்கள். எல்லாத் தலைப்பிலும் 2024 இருக்கிறது. ஒவ்வொன்றிலும் அந்த எண் வேறொன்றைக் குறிக்கிறது.

காணொளியைப் பற்றிய தகவல்களை, அதாவது தலைப்பு, விவரிப்பு, குறிச்சொற்கள், பகுதிப் பிரிப்பு ஆகியவற்றை, ஒட்டுமொத்தமாக மீத்தரவு என்கிறோம். பரீட்சைக் காணொளிகளின் மீத்தரவில் அதிகம் கெட்டுப்போவது ஆண்டுதான். பாடப்பெயரைப் பிழையாக எழுதினால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். ஆண்டு பிழையாகத் தெரிவதே இல்லை. எந்த எண்ணைப் போட்டாலும் ஏதோ ஒரு விதத்தில் அது சரியாகவே இருக்கும். அதனால்தான் பாடங்களைவிட ஆண்டைப் பற்றி இங்கே கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஓர் உயர்தரக் காணொளியோடு நான்கு ஆண்டுகள் தொடர்புபடலாம். முதலாவது, பரீட்சையின் பெயரிலுள்ள ஆண்டு. இரண்டாவது, அந்தப் பரீட்சை உண்மையில் நடந்த ஆண்டு. மூன்றாவது, காணொளி யாருக்காகவோ அவர்கள் பரீட்சை எழுதும் ஆண்டு. "2026 மாணவர்கள்" என்று வகுப்புகளில் சொல்வது இதைத்தான். நான்காவது, பாடத்திட்டத்தின் ஆண்டு. இவற்றில் இரண்டாவது தேடலுக்கு ஏறக்குறைய உதவுவதே இல்லை. ஆனாலும் செய்தித்தாளில் "இன்று உயர்தரப் பரீட்சை ஆரம்பம்" என்று படித்த கையோடு தலைப்பு எழுதுபவர்களின் கை முதலில் போவது இதற்குத்தான்.

பரீட்சைத் திணைக்களத்தின் ஆவணங்களில் "2022 (2023)" என்ற வடிவம் வந்ததற்குக் காரணம், முதலிரண்டு ஆண்டுகளும் வேறுபட்டதுதான். வெளியிலிருப்பது பெயரின் ஆண்டு, அடைப்புக்குள் இருப்பது நடந்த ஆண்டு. ஆவணத்துக்கு இது நல்ல ஏற்பாடு, காணொளித் தலைப்புக்கு அல்ல. "2022 (2023)" என்று தலைப்பிட்ட காணொளி, 2022ஐத் தேடியவருக்கும் 2023ஐத் தேடியவருக்கும் வரும் வாய்ப்பிருக்கிறது. பின்னவருக்கு அது வேண்டாத தாள். தலைப்பில் பெயரின் ஆண்டு மட்டும் இருக்கட்டும், நடந்த ஆண்டை விவரிப்பில் ஒரு வரியில் சொன்னால் போதும் என்பது என் கருத்து. 2025ஆம் ஆண்டுப் பரீட்சை இந்த வாதத்துக்கு இன்னொரு சான்று. அது நவம்பரில் தொடங்கி, புயல் வெள்ளத்தால் இடைநின்று, எஞ்சிய தாள்கள் 2026 ஜனவரிக்குத் தள்ளிப்போயின. ஒரே பரீட்சையின் தாள்கள் இரண்டு நாட்காட்டி ஆண்டுகளில் விழுந்தாலும் பெயர் 2025தான்.

பாடத்திட்டத்தின் ஆண்டு வேறு வகையான சிக்கல். இப்போது நடைமுறையிலுள்ள உயர்தரப் பாடத்திட்டம் 2017இல் தரம் 12க்கு வந்தது. அதன் முதல் பரீட்சை 2019இல் நடந்தது. அந்த ஆண்டு முதல்முறை எழுதியவர்களுக்குப் புதிய பாடத்திட்டத் தாள், ஏற்கெனவே எழுதி மீண்டும் வந்தவர்களுக்குப் பழைய பாடத்திட்டத் தாள் என ஒரே பாடத்துக்கு இரண்டு தாள்கள் இருந்தன. எனவே "2019 பௌதிகவியல் வினா 7" என்று மட்டும் சொன்னால் அது எந்த வினா என்று யாருக்கும் தெரியாது. 2011இலும் இப்படித்தான் பழையதும் புதியதும் ஒன்றாக நடந்தன. அப்போது இரண்டு குழுக்களையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி கணித்தார்கள். விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போய், 2012இல் அந்தக் கணிப்பு செல்லாதென்று ஆயிற்று. ஒரே ஆண்டென்ற பெயரில் இரண்டு வேறு தாள்களைக் கலப்பதால் வரும் வினை, காணொளித் தலைப்போடு ஒப்பிட்டால் அங்கே மிகப் பெரிது. குழப்பத்தின் வேர் மட்டும் ஒன்றே. 2011, 2019 போன்ற மாற்ற ஆண்டுகளின் தாள்களுக்கு "புதிய பாடத்திட்டம்" அல்லது "பழைய பாடத்திட்டம்" என்பது தலைப்பிலேயே இருக்க வேண்டும். மற்ற ஆண்டுகளுக்கு அது வெறும் இடவிரயம். மேலும் "புதிய" என்பதற்கு ஆயுள் குறைவு. 2011இல் புதியதாக இருந்தது 2019இல் பழையதாகிவிட்டது. விவரிப்பில் "2019 முதல் பரீட்சிக்கப்படும் பாடத்திட்டம்" என்று எழுதினால் அது என்றைக்கும் பொய்யாகாது.

இதையெல்லாம் ஒரு காணொளியில் பொருத்திப் பார்ப்போம். ஓர் ஆசிரியர் 2025 மார்ச்சில், அந்த ஆண்டு நவம்பரில் எழுதவிருக்கும் மாணவர்களுக்காக, 2023ஆம் ஆண்டுப் பௌதிகவியல் பல்தேர்வு வினாக்களில் முதல் பாதியை விளக்குகிறார். பௌதிகவியல் I என்பது ஐம்பது பல்தேர்வு வினாக்கள் கொண்ட இரண்டு மணிநேரத் தாள். அவருக்காகக் காணொளி ஏற்றும் மாணவர் இப்படித் தலைப்பிடுகிறார்:

```
2025 Physics Paper 2024 Tamil | Part 1 | Full Discussion
```

2025 இருப்பது மாணவர்களுக்காக. 2024 இருப்பது பரீட்சை அந்த ஆண்டு ஜனவரியில் நடந்ததால். பரீட்சையின் பெயரிலுள்ள ஆண்டான 2023 எங்கேயும் இல்லை. "Part 1" என்பது முதலாம் வினாத்தாளா, காணொளியின் முதல் பாகமா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்பது ஏற்றியவருக்கு மட்டும் தெரியும். "Full" என்ற சொல்லும் பொய், உள்ளே இருப்பது பாதித் தாள். பரீட்சையின் பெயரும் இல்லாததால் இது சாதாரணதரமா உயர்தரமா, எந்த நாட்டுப் பரீட்சை என்பதும் புலப்படாது. அதையே இப்படி எழுதலாம்:

```
2023 A/L பௌதிகவியல் I: பல்தேர்வு வினா 1–25 விளக்கம் | தமிழ்மொழிமூலம்
```

தலைப்பில் ஒரே ஓர் ஆண்டு. அது தாளின் ஆண்டு. "I" என்பது பாடப்பெயரோடு ஒட்டி நிற்பதால் வினாத்தாளின் எண்ணாகவே வாசிக்கப்படும். காணொளியின் பாகத்தை "முதல் பாகம்" என்று சொல்லாமல் வினா எண்களாலேயே சொல்லியாயிற்று. பதினெட்டாம் வினாவில் சிக்கியவர் திறக்க வேண்டியது இதையா அடுத்ததையா என்று தலைப்பே சொல்லிவிடும். "தமிழ்மொழிமூலம்" அவசியம், ஏனென்றால் இதே தாள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் உண்டு, ஆங்கில எழுத்தில் தேடினால் மூன்றும் கலந்தே வரும்.

நீளத்தையும் பார்க்க வேண்டும். யூடியூப் தலைப்புக்கு 100 குறிகள் வரைதான் இடம் தருகிறது. தமிழில் நாம் ஓர் எழுத்தாக எண்ணுவதைக் கணினி பல சமயம் இரண்டாக எண்ணும். "பௌதிகவியல்" நமக்கு ஆறெழுத்து. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனியே எண்ணும் கணினிக்குப் பத்து. மேலே உள்ள தலைப்பு 68 குறிகள். கைத்தொலைபேசியில் அதன் முன்பகுதிதான் முழுதாகத் தெரியும். ஆகவே ஆண்டும் பாடமும் வினாத்தாளும் முன்னால் வர வேண்டும், ஆசிரியரின் பெயரும் வகுப்பின் பெயரும் இருந்தே ஆக வேண்டுமென்றால் கடைசியில் வரட்டும். பல சேனல்களில் இது தலைகீழாக இருக்கிறது.

"2025 மாணவர்களுக்காக" என்ற தகவல் எங்கே போயிற்று? விவரிப்பின் முதல் வரிக்கு.

```
2025, 2026 உயர்தர மாணவர்களுக்கான மீட்டல்.
பரீட்சை: க.பொ.த. (உயர் தரம்) 2023. நடைபெற்றது: 2024 ஜனவரி.
பாடத்திட்டம்: 2019 முதல் பரீட்சிக்கப்படுவது.
```

மாணவர் ஆண்டைத் தலைப்பில் போடாததற்குக் காரணம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டுத் தாளின் விளக்கம், பாடத்திட்டம் மாறும்வரை எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் பயன்படும். "2025" என்று தலைப்பில் முத்திரை குத்தினால் 2026இல் எழுதுபவர் அது தனக்கில்லை என்று தாண்டிப்போவார். பிறகு சேனல்காரர்கள் ஆண்டுதோறும் பழைய காணொளியின் தலைப்பில் எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். விவரிப்பில் மாற்றினால் தவறில்லை. தலைப்பில் மாற்றும்போது கைதவறித் தாளின் ஆண்டையும் மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. உள்ளே இருப்பதற்கு மாறான தலைப்பு யூடியூபின் விதிகளுக்கும் எதிரானது. மாறாக, ஓர் ஆண்டு மாணவர்களின் நேர அட்டவணையோடு பிணைந்த வகுப்பாக இருந்தால், உதாரணமாக வாரந்தோறும் நடக்கும் தரம் 12 பாடத்தொடராக இருந்தால், மாணவர் ஆண்டு தலைப்பில் வருவதே சரி. அங்கே அதுதான் ஒரே ஆண்டு.

இந்த இடத்தில் மட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடலாம். உயர்தரம் என்பது தரம் 12, தரம் 13 என இரண்டாண்டுப் படிப்பு. ஆனால் மாணவர் ஆண்டையும் தரத்தையும் ஒன்றுக்கொன்று ஈடாக எடுக்க முடியாது. 2025இல் எழுதுபவர்களில் முதல்முறை எழுதுபவரும் இருப்பார், 2024இல் எழுதிவிட்டு இரண்டாம் முறை வருபவரும் இருப்பார். பின்னவருக்குப் பாடம் முழுவதும் தெரியும், வினாத்தாள் பயிற்சியே வேண்டும். எனவே "தரம் 13" என்று எழுதுவதைவிடப் பாடமா, மீட்டலா, வினாத்தாளா என்று எழுதுவது மட்டத்தைத் தெளிவாகச் சொல்லும். தரத்தின் எண் உண்மையில் தேவைப்படுவது தவணைப் பரீட்சைத் தாள்களுக்குத்தான். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தாள்களை வடக்கில் உயர்தரம் படித்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய தாளுக்குத் தரம், தவணை, தாளைத் தயாரித்தவர், ஆண்டு ஆகிய நான்கும் வேண்டும். இவை இல்லாமல் "2023 Paper" என்று மட்டும் போட்டால், திணைக்களத்தின் தாளென்று நம்பி வருபவர் ஏமாந்து போவார்.

இனி அலகு. உயர்தரப் பௌதிகவியலில் பதினொரு அலகுகள்: அளவீட்டில் தொடங்கிச் சடமும் கதிர்ப்பும் வரை. மூன்றாம் அலகான அலைவுகளும் அலைகளும் மிகப் பெரிய அலகுகளில் ஒன்று. எளிமை இசை இயக்கம், ஒலி, தொப்ளர் விளைவு, ஒளியியல் எல்லாம் அதற்குள் அடங்கும். எனவே "அலகு 3" என்ற குறிப்பு ஏறக்குறைய எதையும் சொல்லாது, உட்தலைப்பு வேண்டும். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியில் ஒவ்வொரு அலகும் தேர்ச்சி மட்டங்களாக எண்ணிடப்பட்டிருக்கிறது. அந்த எண்ணைச் சேனல்காரர் தம்முடைய பட்டியலில் வைத்துக்கொள்வது நல்லது, மாணவர் அதைக் கொண்டு தேடுவதில்லை. அவர் தேடுவது "தொப்ளர்" என்று. அதுவும் தொப்ளர், டொப்ளர், டொப்லர், Doppler என நான்கு விதமாக. குறிச்சொற்களின் உண்மையான வேலை இந்த இடத்தில்தான். தேடலில் குறிச்சொற்களுக்குப் பங்கு மிகக் குறைவு, எழுத்துப் பிழையாகத் தேடப்படும் சொற்களுக்கே அவை உதவும் என்று யூடியூபே சொல்கிறது. மொத்தம் 500 குறிகள் இடமுண்டு. அதை "best teacher", "Sri Lanka", "study" என்று நிரப்புவதற்குப் பதிலாக நான்கு தொப்ளர்களை வைக்கலாம்.

சொல் வேறுபாடு சில சமயம் நன்மையும் செய்கிறது. தமிழ்நாட்டில் இயற்பியல், வேதியியல். இலங்கையில் பௌதிகவியல், இரசாயனவியல். தலைப்பில் "பௌதிகவியல்" என்று எழுதினாலே தேடல் பாதி வடிகட்டப்பட்டுவிடும். ஆங்கிலத்தில் "Physics Tamil 12" என்று எழுதினால் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் காணொளிகளோடு சேர்ந்துகொள்வீர்கள், அங்கே பாடத்தின் ஒழுங்கே வேறு. தொப்ளர் விளைவு தமிழ்நாட்டுப் புத்தகத்தில் பதினோராம் வகுப்பில் வருகிறது. "12" என்ற எண் இரண்டு இடத்திலும் இருந்தாலும் அது ஒரே மட்டம் அல்ல.

வினாத்தாள் காணொளிக்கு அலகு எப்படிக் குறிப்பது? முழுக் காணொளிக்கும் ஓர் அலகு கிடையாது, ஒவ்வொரு வினாவுக்கும் உண்டு. அதற்கு வழி, விவரிப்பில் நேரத்தோடு வினாக்களை எழுதுவது. நேரங்களும் அலகுகளும் இங்கே மாதிரிக்கு:

```
00:00 அறிமுகம்
00:50 வினா 1 அளவீடு
03:20 வினா 2 அலைகள்: தொப்ளர் விளைவு
06:05 வினா 3 சடப்பொருள்: பாகுநிலை
```

முதல் நேரம் 00:00 ஆக இருக்க வேண்டும்; குறைந்தது மூன்று நேரங்கள் ஏறுவரிசையில் வேண்டும்; ஒவ்வொரு பகுதியும் பத்து வினாடிக்குக் குறையக்கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் பகுதிப் பிரிப்பு தோன்றாது, ஏன் தோன்றவில்லை என்ற விளக்கமும் அங்கே கிடைக்காது. பெரும்பாலும் தவறுவது முதலாவதுதான். அறிமுகத்தைத் தவிர்த்துவிட்டு முதல் வினாவின் நேரத்திலிருந்து எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

இரண்டு அலகுகளைத் தொடும் வினாக்கள் நிறைய வரும். திரவத்துக்குள் விழும் கோளத்தின் முடிவு வேகம் பற்றிய வினாவில் மேலுதைப்பும் உண்டு, பாகுநிலையும் உண்டு. மேலுதைப்பு இரண்டாம் அலகு, பாகுநிலை பத்தாம் அலகு. இத்தகைய வினாவைப் பிந்தி வரும் அலகின் கீழ் வைப்பதே என் தெரிவு. பத்தாம் அலகைப் படிக்காத மாணவரால் அதைச் செய்யவே முடியாது. இரண்டாம் அலகின் கீழ் வைத்தால், தரம் 12இல் இருப்பவர் திறந்துபார்த்து விழிப்பார்.

யூடியூப் ஸ்டூடியோவில் காணொளியின் வகையைக் கல்வி என்று தெரிவு செய்தால் இன்னும் சில இடங்கள் திறக்கும்: காணொளி விரிவுரையா வினா விளக்கமா என்பது, எந்த நாட்டுக் கல்வி முறை, எந்த மட்டம், எந்தப் பரீட்சை. பொருந்துவதை நிரப்பலாம். ஆனால் பட்டியலில் தம்முடையது இல்லையென்பதற்காக அருகிலிருக்கும் இன்னொரு நாட்டின் மட்டத்தைத் தெரிவு செய்யக்கூடாது. தவறான தகவலைவிட வெற்றிடம் மேல்.

இலங்கைக்கே உரிய ஒரு பொறி உண்டு. பழைய வினாத்தாள்களும் வழிகாட்டிகளும் பல, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. பிடிஎஃப் கோப்பில் தமிழாகத் தெரியும் பாடப்பெயரை வெட்டி விவரிப்பில் ஒட்டினால் வருவது இது:

```
ngsjpftpay;
```

இது பாமினியில் "பௌதிகவியல்". இதைத் தேடி எந்த மாணவரும் வரப்போவதில்லை. ஒட்டியவர் வேறு வேலையில் இருந்தால் கவனிக்காமலே பதிவேற்றிவிடுவார். விவரிப்பின் அடியில் இத்தகைய வரிகள் ஆண்டுக்கணக்காகக் கிடப்பதைப் பார்க்கலாம். ஒருங்குறிக்கு மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பதினொரு அலகுப் பெயர்களையும் உட்தலைப்புகளையும் ஒருமுறை மாற்றி, சரிபார்த்து, ஒரு தாளில் வைத்துக்கொண்டால் பிறகு எப்போதும் அதிலிருந்தே ஒட்டலாம். அப்படிச் செய்வதால் ஒரே அலகை ஒரு காணொளியில் "ஓட்டமின்னியல்" என்றும் இன்னொன்றில் "மின்னோட்டவியல்" என்றும் எழுதும் வழக்கமும் ஒழியும்.

மீத்தரவு பிழையாக இருப்பதை எப்படி அறிவது? ஸ்டூடியோவின் பகுப்பாய்வில், யூடியூப் தேடலிலிருந்து வந்தவர்கள் எந்தச் சொற்களைத் தட்டி வந்தார்கள் என்ற பட்டியல் இருக்கிறது. மேலே சொன்ன முதல் தலைப்புள்ள காணொளிக்கு அங்கே "2024 physics paper" முன்னணியில் இருந்தால், வருபவர்கள் வேறு தாளைத் தேடி வருகிறார்கள் என்று பொருள். அடுத்து, முதல் 30 வினாடி கடந்தும் பார்ப்பவர்களின் விகிதத்தைப் பார்க்க வேண்டும். ஆசிரியர் வினாத்தாளைத் திரையில் காட்டியதும் கோடு செங்குத்தாக இறங்கினால் காரணம் ஆசிரியர் அல்ல. தாளைப் பார்த்தவுடன் இது தனக்கு வேண்டியதல்ல என்று தெரிந்து கிளம்பியவர்கள் அவர்கள். பாடம் புரியாமல் போகிறவர்கள் இவ்வளவு சீக்கிரம் போவதில்லை, சில நிமிடங்கள் பொறுத்துத்தான் போவார்கள். கருத்துப் பகுதியில் "இது எந்த வருடத் தாள்?" என்று யாராவது கேட்டிருந்தால் வேறு ஆய்வே தேவையில்லை.

நூற்றுக்கணக்கான பழைய காணொளிகள் வைத்திருப்பவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த வேண்டியதில்லை. 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுத் தாள்களையும், 2019இன் இரட்டைத் தாள்களையும் முதலில் எடுக்கலாம். இவற்றுக்கு வெளியே உள்ளவற்றில் ஆண்டு தவறியிருக்கும் வாய்ப்புக் குறைவு. திருத்தும்போது காணொளியைத் திறந்து, திரையில் தெரியும் தாளின் முதற்பக்கத்தில் அச்சாகியிருக்கும் ஆண்டைப் பார்த்தே எழுத வேண்டும். பதிவேற்றிய திகதியையோ கோப்பின் பெயரையோ நம்பக்கூடாது. அந்தக் கோப்புக்குப் பெயரிட்டவரும் பெரும்பாலும் பரீட்சை நடந்த ஆண்டையே போட்டிருப்பார்.